புத்தகத்தின் எடைக்கு எதிர்விசை எங்கே இருக்கிறது?

மேசை மீது ஒரு புத்தகம் அசையாமல் கிடக்கிறது. அதன் மீது செயல்படும் விசைகளை வரையச் சொன்னால், பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் சரியாகவே வரைந்துவிடுவார்கள். கீழ்நோக்கி ஓர் அம்பு. அது புத்தகத்தின் எடை. மேல்நோக்கி ஓர் அம்பு. அது மேசை தாங்கும் விசை. பாடநூலில் இதற்குச் செங்குத்து விசை என்று பெயர். இரண்டு அம்புகளும் ஒரே நீளம். படத்தில் குறையே இல்லை.

அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம் வருகிறது. "இந்த இரண்டில் வினை எது, எதிர்வினை எது?" என்று கேட்டுப் பாருங்கள். எடை வினை, மேசை தாங்குவது எதிர்வினை என்று யோசிக்காமல் பதில் வரும். இரண்டும் சமம், இரண்டும் எதிரெதிர்த் திசை, நியூட்டனின் மூன்றாம் விதியும் அதைத்தானே சொல்கிறது என்பார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களிலும் சிலர் இதையே சொல்வதுண்டு. பரீட்சையில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடலாம்.

ஆனால் இந்தப் பதில் தவறு. ஓரளவு சரி, ஓரளவு தவறு என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை, முழுக்கவே தவறு. கேள்வியில் ஒரு பொறியும் இருக்கிறது: படத்தில் உள்ள இரண்டு அம்புகளில் ஒன்றுக்குக்கூட அதன் எதிர்வினை அந்தப் படத்துக்குள் இல்லை.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிபியா நூலில் மூன்றாம் விதிக்கு எளிய எடுத்துக்காட்டுகள் கொடுத்திருக்கிறார். ஒருவர் விரலால் ஒரு கல்லை அழுத்துகிறார். அந்தக் கல்லும் விரலை அழுத்துகிறது. இதில் எத்தனை பொருள்கள் என்று எண்ணுங்கள். விரல் ஒன்று, கல் ஒன்று. விரல் கொடுக்கும் விசை கல்லின் மேல். கல் கொடுக்கும் விசை விரலின் மேல். மூன்றாம் விதி எப்போதும் இப்படி இரண்டு பொருள்களுக்கு நடுவே நடப்பதைப் பற்றியது. ஒரு பொருளின் மேல் என்னென்ன விசைகள் வந்து சேர்கின்றன, அவை கூடி அதை என்ன செய்கின்றன என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்வது முதல் விதியும் இரண்டாம் விதியும்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். அதன் நிறை 1 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 9.8 நியூட்டன். எடை என்பது என்ன? பூமி புத்தகத்தைத் தன் பக்கம் இழுக்கும் விசை. யார் இழுக்கிறார், யாரை இழுக்கிறார் என்று முழுமையாகச் சொல்லிவிட்டால் ஜோடி தானாக வெளிப்படும். பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால், புத்தகமும் பூமியை இழுக்கிறது. அதே 9.8 நியூட்டன், மேல்நோக்கி. எடையின் எதிர்விசை இதுதான். அது புத்தகத்தின் மேல் செயல்படவில்லை, மேசையின் மேலும் செயல்படவில்லை. நம் காலடியில் இருக்கும் இந்தப் பூமி முழுவதன் மேலும் செயல்படுகிறது.

மேசை தாங்கும் விசையையும் அப்படியே சொல்லிப் பார்ப்போம். மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது. அதன் ஜோடி, புத்தகம் மேசையைக் கீழே தள்ளுவது. இது மேசைப் பலகையின் மேல் செயல்படுகிறது. ஆக இந்தச் சின்னக் காட்சியில் இருக்கும் விசைகள் நான்கு, ஜோடிகள் இரண்டு. பூமியும் புத்தகமும் ஒரு ஜோடி, மேசையும் புத்தகமும் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரே ஓர் அம்பு மட்டும் புத்தகத்தின் மேல் விழுகிறது. படத்தில் அவை அருகருகே நிற்பதால் ஒரே ஜோடி என்று கண் நம்பிவிடுகிறது.

கண்ணை ஏமாற்றும் இன்னொன்று, இரண்டும் ஒரே அளவில் இருப்பது. அதைக் கலைத்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும். புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள், 5 நியூட்டன் அளவுக்கு. புத்தகம் அசையவில்லை, ஆகவே மேசை இப்போது 14.8 நியூட்டன் விசையோடு தாங்கியாக வேண்டும். எடையோ அதே 9.8 நியூட்டன். உங்கள் கை அழுத்தியதால் பூமியின் இழுப்பு கூடிவிடாது. வினையும் எதிர்வினையும் எந்த நேரத்திலும் சமம் என்பது விதி. இந்த இரண்டும் சமமாக இல்லை. அப்படியென்றால் இவை ஜோடி இல்லை, அழுத்துவதற்கு முன்பும் ஜோடியாக இருந்ததில்லை.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. மேசையைச் சட்டென்று இழுத்துவிடுவதாக நினைத்துப் பாருங்கள். புத்தகம் விழத் தொடங்குகிறது. மேசை தாங்கும் விசை அந்தக் கணமே இல்லாமல் போகிறது. எடை எங்கேயும் போகவில்லை, அதனால்தான் புத்தகம் விழுகிறது. உண்மையான ஜோடியில் ஒன்று இருக்க மற்றொன்று மறைய முடியாது. பிறந்தால் இரண்டும் ஒரே கணத்தில் பிறக்கும், போனால் ஒரே கணத்தில் போகும். மேசை தாங்கும் விசை போனபோது கூடவே போனது எது? புத்தகம் மேசையை அழுத்திய விசை. அதுதான் அதன் ஜோடி. விழுந்துகொண்டிருக்கும் புத்தகத்தின் எடைக்கு ஜோடி எங்கே? எப்போதும் இருந்த இடத்தில்தான், பூமியின் மேல். விழும் புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுத்துக்கொண்டேதான் வருகிறது.

பூமி அதற்காக மேலே வருகிறதா என்று கேட்டால், கணக்கின்படி வருகிறது. பூமியின் நிறை ஏறத்தாழ 6-க்குப் பின் 24 பூச்சியங்கள் போட்ட அத்தனை கிலோகிராம். 1 கிலோ புத்தகம் 1 மீட்டர் விழுவதற்குள் பூமி நகரும் தூரம் ஓர் அணுக்கருவின் அகலத்தைவிடப் பல நூறு கோடி மடங்கு குறைவு. எந்தக் கருவியும் அதை அளக்காது. விசை சமம், ஆனால் விளைவு சமமில்லை. ஏனென்றால் ஒரே அளவு விசை இவ்வளவு வேறுபட்ட இரண்டு நிறைகளின் மேல் விழுகிறது.

வினைக்கும் எதிர்வினைக்கும் இன்னோர் அடையாளமும் இருக்கிறது. இரண்டும் ஒரே வகை விசையாக இருக்கும். பூமி இழுப்பது ஈர்ப்பு விசை என்றால், அதன் ஜோடியும் ஈர்ப்பு விசையாகவே இருக்கும். மேசை தாங்குவதோ தொடுகையால் வருவது. அடிப்படையில் அது பலகையின் அணுக்களுக்கும் அட்டையின் அணுக்களுக்கும் இடையிலான மின்விசை. ஈர்ப்பு விசைக்கு ஒரு மின்விசை ஒருநாளும் எதிர்வினை ஆகாது.

இந்தக் குழப்பத்தைக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய இடம் லிஃப்ட். 60 கிலோ நிறையுள்ள ஒருவர், வீட்டில் எடை பார்க்கும் மின்னணு இயந்திரம் ஒன்றை லிஃப்டுக்குள் வைத்து அதன் மேல் ஏறி நிற்கிறார் என்று கொள்வோம். லிஃப்ட் நிற்கும்போது இயந்திரம் 60 காட்டுகிறது. விசைக் கணக்கில் 588 நியூட்டன். லிஃப்ட் மேலே கிளம்புகிறது. கிளம்பும் அந்த ஓரிரு நொடிகளில் அதன் முடுக்கம் நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் என்று வைத்துக்கொண்டால், அவரையும் அதே முடுக்கத்தில் மேலே கொண்டுபோக வேண்டும். 60 கிலோவை அப்படி முடுக்கக் கூடுதலாக 60 நியூட்டன் வேண்டும். ஆகவே இயந்திரத்தின் தட்டு அவர் பாதத்தை 648 நியூட்டன் விசையோடு மேலே தள்ளுகிறது. திரையில் 66-ஐ ஒட்டிய எண் தெரியும். லிஃப்ட் சீரான வேகத்துக்கு வந்ததும் எண் மறுபடி 60. மேல் தளத்தை நெருங்கி வேகம் குறையும்போது, அதே அளவு முடுக்கம் கீழ்நோக்கி இருந்தால், தட்டு கொடுப்பது 528 நியூட்டன்தான். திரையில் ஏறத்தாழ 54.

இந்தப் பயணம் முழுவதும் பூமி அவரை இழுத்த விசை 588 நியூட்டனிலேயே நின்றது. அவர் பூமியை இழுத்ததும் 588. அந்த ஜோடிக்குள் லிஃப்ட் தலையிடவே இல்லை. தட்டு பாதத்தைத் தள்ளியது 588, 648, 588, 528 என்று மாறியது; பாதம் தட்டை அழுத்தியதும் அதே வரிசையில், அதே கணங்களில், அதே அளவில் மாறியது. ஜோடி என்றால் இப்படித்தான் நடந்துகொள்ளும். எடையும் தட்டின் விசையும் வினையும் எதிர்வினையும் என்று பிடிவாதம் பிடிப்பவர், லிஃப்ட் கிளம்பும்போது மூன்றாம் விதி பொய்த்துப்போகிறது என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். விதி எங்கேயும் பொய்க்கவில்லை. ஜோடி தவறாகப் பொருத்தப்பட்டது, அவ்வளவுதான். எடை இயந்திரம் உண்மையில் அளப்பது பாதம் தட்டை அழுத்தும் விசையை. அது எடைக்குச் சமமாக இருப்பது முடுக்கம் இல்லாத தரையில்தான். பாடநூல்கள் இதைத் தோற்ற எடை என்று சொல்கின்றன.

இனி ஒரு நியாயமான கேள்வி வரும். எடையும் மேசை தாங்குவதும் ஜோடி இல்லை என்றால், அசையாத மேசையில் இரண்டும் இவ்வளவு துல்லியமாகச் சமமாவது எப்படி? 1 கிலோ புத்தகத்துக்கு 9.8 என்றும் 2 கிலோ புத்தகத்துக்கு 19.6 என்றும் மேசைக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தது?

இந்த இடத்தைத் தெளிவாக்காமல் விட்டுவிடுவதால்தான் தவறு இத்தனை ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். புத்தகத்தை வைத்ததும் மேசைப் பலகை மிகச் சிறிதளவு வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. அழுத்தப்பட்ட சுருள்வில் திருப்பித் தள்ளுவது போல, வளைந்த பலகையும் திருப்பித் தள்ளும். வளைவு போதாமல் தாங்கும் விசை எடையைவிடக் குறைவாக இருக்கும்வரை புத்தகம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும்; இறங்க இறங்க வளைவும் கூடும், தாங்கும் விசையும் கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில் எல்லாம் அடங்கி நிற்கிறது. இதெல்லாம் நொடிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுவதால் நாம் பார்ப்பது முடிவை மட்டும்தான். ஆக, சமமாவதற்குக் காரணம் பலகையின் மீள்தன்மையும், ஓய்வில் இருக்கும் பொருளின் மேல் நிகர விசை சுழி என்ற இரண்டாம் விதியும். மூன்றாம் விதிக்கு இந்தச் சமநிலையில் பங்கு இல்லை. பலகை தாங்க முடியாத பாரத்தை வைத்தால் சமநிலை வராது, பலகை உடையும். உடையும்போதும் பாரம் பலகையை அழுத்துவதும் பலகை பாரத்தைத் தள்ளுவதும் ஒவ்வொரு கணமும் சமமாகவே இருந்துகொண்டிருக்கும்.

மேசை தள்ளுகிறது என்பதையே நம்பாத மாணவர்கள் ஏராளம். உயிரில்லாத பலகை எப்படித் தள்ளும், அது வெறுமனே வழியை மறித்துக்கொண்டுதானே நிற்கிறது என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த ஜிம் மின்ஸ்ட்ரல், தன் வகுப்பு இந்த ஒரு கேள்வியோடு எப்படிப் போராடியது என்பதை 1982-இல் இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஓர் இதழில் விரிவாக எழுதினார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் கிளமென்ட் இதற்குப் படிப்படியான ஒரு வழியைக் கையாண்டார். முதலில் கையால் சுருள்வில்லை அழுத்துவது. அது திருப்பித் தள்ளுவதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு புத்தகத்தைப் பஞ்சின் மேல் வைப்பது. பிறகு வளையும் மெல்லிய பலகையின் மேல். கடைசியில் மேசை. எந்தப் படியில் தள்ளுவது நின்றுபோனது என்று கேட்டால் மாணவரால் ஒரு படியையும் காட்ட முடியாது. மேசையின் வளைவைக் கண்ணாலேயே காட்டவும் வழி உண்டு: மேசை மேல் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றையைத் தொலைவில் உள்ள சுவரில் விழச் செய்து, ஒருவர் மேசையின் நடுவே ஏறி நின்றால், சுவரில் ஒளிப்புள்ளி நகரும்.

தவறான ஜோடியின் விலை மேசையோடு முடிவதில்லை. வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின் மேல் செயல்படும் என்று மனதில் பதிந்தவருக்கு, உலகில் எதுவுமே நகர முடியாது. நியூட்டன் தந்த இன்னோர் எடுத்துக்காட்டு, கயிறு கட்டிக் கல்லை இழுக்கும் குதிரை. நாம் ஒற்றை மாட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். மாடு வண்டியை எவ்வளவு முன்னே இழுக்கிறதோ அவ்வளவு வண்டி மாட்டைப் பின்னே இழுக்கிறது. இரண்டும் சமம் என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியாகிவிடும், பிறகு வண்டி எப்படிக் கிளம்பும்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளை புத்திசாலி. அதற்கு மழுப்பலான பதில் சொல்லி உட்காரவைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

எண்களோடு பார்ப்போம். வண்டி பாரத்தோடு 500 கிலோ, மாடு 400 கிலோ. மாடு வண்டியை 300 நியூட்டன் விசையோடு இழுக்கிறது; வண்டியும் மாட்டை 300 நியூட்டன் விசையோடு பின்னுக்கு இழுக்கிறது. முதலில் வண்டியை மட்டும் பாருங்கள். முன்னோக்கி 300. சக்கரமும் அச்சும் தரையும் சேர்ந்து பின்னோக்கித் தடுப்பது 200 என்று கொள்வோம். மீதி 100 நியூட்டன் முன்னோக்கி. 500 கிலோ வண்டிக்கு அது நொடிக்கு நொடி 0.2 மீட்டர் முடுக்கம் தரும். வண்டி கிளம்பிவிட்டது. மாட்டை வண்டி இழுக்கும் 300 இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை, ஏனென்றால் அது வண்டியின் மேல் இல்லை. இனி மாட்டை மட்டும் பாருங்கள். பின்னோக்கி வண்டி இழுப்பது 300. மாடும் 0.2 முடுக்கத்தில்தான் போகிறது, அதற்கு 80 நியூட்டன் மீதி வேண்டும். அப்படியானால் அதை முன்னே தள்ளுவது 380 நியூட்டன். தள்ளுவது யார்? தரை. மாடு குளம்பை ஊன்றித் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை அதே 380 நியூட்டனால் மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது. சேற்றில் கால் வழுக்கினால் மாட்டுக்கு வலு இருந்தும் வண்டி நகராது. குறைந்துபோனது மாட்டின் வலு அல்ல, தரை திருப்பித் தள்ளும் விசை.

இதே பிழை வேறு வேடத்திலும் வரும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது மையநோக்கு விசை வினை, மையவிலக்கு விசை எதிர்வினை என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். இரண்டையும் கல்லின் மேலேயே வரைந்தும் காட்டுவார்கள். கயிறு கல்லை உள்நோக்கி இழுக்கிறது. அதன் உண்மையான ஜோடி, கல் கயிற்றை வெளிநோக்கி இழுப்பது. கையில் இழுவையாக நாம் உணர்வதும் அந்தக் கயிற்றின் வழியாக வருவதுதான். கல்லோடு சேர்ந்து சுற்றுகிறவரின் பார்வையில் கணக்குப் போடுவதற்காகச் சேர்த்துக்கொள்ளும் மையவிலக்கு விசைக்கு, அதைக் கொடுக்கும் பொருள் என்று எதுவும் கிடையாது. கொடுக்கும் பொருள் இல்லாத விசைக்கு மூன்றாம் விதியில் ஜோடியும் கிடையாது. கயிறு அறுந்தால் கல் மையத்திலிருந்து நேர் வெளியே பாய்வதில்லை, அந்தக் கணத்தில் போய்க்கொண்டிருந்த திசையில், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டில் போகிறது. வெளிநோக்கி இழுக்கும் விசை ஒன்று கல்லின் மேல் நிஜமாகவே இருந்திருந்தால் அப்படிப் போகாது.

வினை, எதிர்வினை என்ற பெயர்களும் ஒன்று முன்னே நடக்க மற்றொன்று பின்னே வருவதுபோல் ஒரு மயக்கத்தைத் தருகின்றன. இரண்டும் ஒரே கணத்தில் நடப்பவை. எதை வேண்டுமானாலும் வினை என்று சொல்லலாம், மற்றது எதிர்வினை. ஆனால் மேசை தாங்குவதைத் தனியாக எதிர்வினை என்று அழைக்கும் பழக்கம் பழைய நூல்களிலிருந்தும் கட்டடப் பொறியியலிலிருந்தும் வகுப்பறைக்கு வந்திருக்கிறது. அதனால் எடையைப் பார்த்ததும் அதன் எதிர்வினை இதுதான் என்று மாணவர் கை தானாகப் போகிறது.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் படம் வரையும் முறையை மாற்றினாலே பாதிக் குழப்பம் போய்விடும். புத்தகத்தையும் மேசையையும் பூமியையும் ஒன்றின் மேல் ஒன்றாக வரையாமல், தாளில் இடைவெளி விட்டுத் தனித்தனியாக வரையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் அதன் மீது விழும் விசைகளை மட்டும் குறியுங்கள். அம்பின் பக்கத்தில் எடை என்றோ செங்குத்து விசை என்றோ மட்டும் எழுதி நிறுத்தாமல், "பூமி புத்தகத்தை இழுப்பது", "மேசை புத்தகத்தைத் தள்ளுவது" என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். ஜோடியைத் தேடும்போது அந்த வாக்கியத்தின் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போட வேண்டும், வினைச்சொல்லை மாற்றக் கூடாது. "புத்தகம் பூமியை இழுப்பது." அந்த அம்பைப் பூமியின் படத்தில் போட வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். பிறகு கூரையிலிருந்து தொங்கும் மின்விசிறியையோ, சுவரில் சாய்த்து வைத்த ஏணியையோ கொடுத்து, ஒவ்வோர் அம்புக்கும் ஜோடியைத் தேடச் சொல்லலாம். இரண்டு அம்புகள் ஒரே பொருளின் படத்தில் வந்து நின்றால், எங்கோ ஒரு பெயர் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. திரும்பிப் போய் அந்த வாக்கியத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னால் போதும்.